இரண்டு காசு நீளம்

மனைவிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து, சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதைக் கேட்ட செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக் கைப்பிடியில் தொங்கிப் பார்த்தேன்.

அது கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிய எவர்சில்வர் கம்பி. இரண்டு முனையிலும் வட்டமான தகடு. ஒவ்வொரு தகட்டிலும் மூன்று ஓட்டை, மூன்று ஸ்க்ரூ. அறுவை சிகிச்சைக்கு முன்பே வாங்கி மாட்டச் சொன்னவர் மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித் தரும் பெண். "உட்கார்ந்து எழுந்திருக்கும்போது பாதி எடை அந்தக் கம்பியிலதான் இறங்கும். கம்பி ஆடக் கூடாது" என்று அவர் சொல்லியிருந்தார். வீட்டு உரிமையாளருக்குத் தெரிந்த ஒருவர் வந்து பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போனார். பத்து நிமிடத்தில் மாட்டியதை எப்படி நம்புவது? என் எடை எழுபத்து நாலு கிலோ. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக் காலை மடக்கினேன்.

மூன்று வரை எண்ணினேன். நாலுக்கு வலது பக்கத் தகடு சுவரைவிட்டு வந்துவிட்டது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் பிளக்கோடு சேர்ந்தே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. அதில் ஒன்று உருண்டு உருண்டு போய், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் போகும் ஓட்டைக்குள் விழுந்தது.

மனைவிக்குப் போன் செய்தேன்.

"தொங்கிப் பாத்தீங்களா? எதுக்கு?"

"நீ பிடிக்கிறதுக்கு முன்னாடி நான் பிடிச்சுப் பாக்கணும்ல?"

"பிடிக்கிறது வேற, தொங்குறது வேற. என்ன, பக்கத்து பெட்ல ரெண்டு கால் வைக்க எடம் இருக்கு, நீங்களும் வந்து படுத்துக்கிடுதீங்களா?"

"சிரிக்காத. நீ எந்திரிக்கும்போது இது வந்திருந்தா?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "சரி, சனிக்கிழமைக்குள்ள மாட்டிருங்க" என்றாள். அவள் பயந்தால் இப்படித்தான், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவாள். எனக்கு அதுவே போதும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மத்திய அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மாற்றலாகி வந்த மூன்றாவது ஊர் கொல்கத்தா. நான் விருதுநகர்ப் பக்கம் மாவு மில்லில் வேலை பார்த்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவள் பரீட்சை எழுதி வேலைக்குப் போனாள், நான் வீட்டைப் பார்த்துக்கொண்டேன். எல்லா ஊரிலும் இதே ஏற்பாடுதான். வாடகை வீட்டில் குழாய் ஒழுகினாலும் மின்விசிறி ஆடினாலும் முதலில் பயப்படுவது என் பொறுப்பு. இங்கே டாக்குரியாப் பகுதியில் இப்போது இருப்பது பழைய வீட்டின் இரண்டாவது மாடி. ஏரிக் காற்று, மழைக்கால ஈரம், சுவரில் அங்கங்கே வெள்ளையாகப் பூத்து உதிரும். இங்கே அதை நோனா என்பார்கள். உப்புப் பிடித்த சுவர்.

லேக் மார்க்கெட்டில் ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. கறிவேப்பிலையும் அப்பளமும் வாங்கப் போகும்போதெல்லாம் அந்தக் கடையைத் தாண்டித்தான் போவேன். கடைக்காரரின் மருமகள்தான் கல்லாவில் இருப்பார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரே அவரை பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும். என் மகள் வயதுள்ள பெண்ணை நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் என்னைக் காக்கு, சித்தப்பா, என்பார். இந்த முறைக்கு எந்த ஊரிலும் சொந்தம் கிடையாது, ஆனால் இருவருக்கும் அது சரியாக இருந்தது. தமிழ்க்காரர்கள் அதிகம் வரும் சந்தை ஆனதால் "இருக்கு", "இல்லே", "நாளைக்கு" என்று மூன்று தமிழ்ச் சொற்கள் அவருக்குத் தெரியும். ஒரு வியாபாரத்துக்கு அது போதும்தானே. மற்றதெல்லாம் வங்காளியில் பேசுவார். நான் பாதி வங்காளி, பாதி கைச்சாடையில் பேசுவேன். அவர் பேசியதை எனக்குப் புரிந்தபடி இங்கே தமிழில் எழுதுகிறேன்.

துர்கா பூஜைக்கு இன்னும் ஒரு வாரம். கடை வாசலை அடைத்துக்கொண்டு மூங்கில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. கடைக்குள் போக இடுப்பளவு சந்துதான் மிச்சம். அதனால் பந்தல் நிற்கும் அந்த ஒரு மாதம் மட்டும் அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். என்ன வேண்டுமோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். பௌதி பார்த்து, பொட்டலம் கட்டி, மேலே நம் பெயர் எழுதி வைத்துவிடுவார். சந்தில் கை நீட்டி வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு குரல் செய்தியை எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

"பொருளைத் தட்டையான இடத்துல படுக்க வையுங்க. பக்கத்துல ஒட்டினாப்புல ஒரு ரூபாய் காசு வையுங்க. நேரா மேலேர்ந்து எடுங்க, சாய்ச்சு எடுத்தா நீளம் பொய் சொல்லும். தலையைத் தனியா ஒரு படம். எதுல மாட்டியிருந்துச்சோ அந்த இடம் ஒரு படம். மங்கலா அனுப்பினா மங்கலான ஸ்க்ரூதான் கிடைக்கும்."

இருந்த இரண்டு ஸ்க்ரூவில் ஒன்றைக் கையில் எடுத்துப்போய்க் காட்டியிருக்கலாம். எந்தப் புத்திசாலியும் அதைத்தான் செய்வான். எனக்கோ அது வழியில் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். ஆட்டோவில் சட்டைப் பையிலிருந்து விழுந்தால்? ஒன்று ஏற்கெனவே சாக்கடைக்குள் போய்விட்டது. மிச்சம் இருப்பவை அளவுக்குச் சாட்சி. ஆகவே அவற்றைக் கடுகு டப்பாவில் போட்டு மூடி, படம் எடுப்பதென்று முடிவு செய்தேன்.

புதன் காலை, ஜன்னல் வெளிச்சத்தில், சாப்பாட்டு மேசை மேல் வெள்ளைக் காகிதம் விரித்தேன். ஸ்க்ரூவைப் படுக்க வைத்தேன். பக்கத்தில் பிளக். அது ஒரு பக்கம் கிழிந்திருந்தது, மேலே பொறித்திருந்த எண் உரசி அழிந்துபோயிருந்தது. பிறகு காசு தேடினேன். வீட்டில் ஒரு ரூபாய்க் காசு இல்லை. மேசை இழுப்பறை, அவளுடைய கைப்பை, என் பழைய சட்டைகள், எங்கும் இல்லை. காய்கறிக்காரர்கூட அட்டையைக் காட்டி ஸ்கேன் செய்யச் சொல்லும் காலத்தில் காசு எப்படி வீட்டுக்கு வரும்?

இருந்தது ஒரே காசு. அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோன அன்று, எங்கள் ஊர் அம்மனை நினைத்து, மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன் வைத்த காசு. அவள் நடந்ததும் ஊருக்குப் போய் உண்டியலில் போடுவதாக வேண்டுதல். முடிச்சை அவிழ்க்கலாமா? வேண்டுதல் முறிந்துவிடுமா? அரை மணி நேரம் அதை யோசித்தேன். கடைசியில், அம்மனுக்கும் அவள் விழாமல் இருக்கத்தானே காசு என்று எனக்கு நானே சொல்லி அவிழ்த்தேன். சிங்கம் இருக்கும் பக்கம் மேலே தெரிய வைத்தேன். காசில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

பதினோரு படம் எடுத்து, நல்லதாக நாலு அனுப்பினேன். ஸ்க்ரூவும் பிளக்கும் காசும் சேர்ந்து ஒன்று. ஸ்க்ரூவின் தலை. தகட்டின் ஓட்டைகள், பக்கத்தில் காசு. சுவரில் பிய்ந்த இடம். உடனே பதில் வந்தது.

"காக்கு, காசு ஏன் மஞ்சளா இருக்கு? அஞ்சு ரூபாயா?"

"இல்ல பௌதி, ஒரு ரூபாய்தான்."

"சரி. எட்டு நம்பர், ஒன்றரை இஞ்சு. துருப்பிடிக்காத ஸ்டீல், உருண்டைத் தலை. ஆறு எம்எம் பிளக். சாயங்காலம் வாங்கிக்குங்க."

நாலு படத்திலிருந்து ஐந்து விஷயம் இப்படிக் கண்ணைச் சிமிட்டுவதற்குள் வந்தது என்னை மலைக்க வைத்தது. அன்று பாலிகஞ்ச் பக்கம் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் இத்தனை ஸ்க்ரூ இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு நீளம். கண்ணால் பார்த்தே ஒருத்தர் இன்னார் இன்னார் என்று சொல்லிவிடுகிறார். மாவு மில்லில் நான் கையில் அள்ளிப் பார்த்து மாவு எத்தனையாவது நம்பர் சல்லடை என்று சொல்வேன். ஆனால் அது கையில் இருக்கும் மாவு. இது வெறும் படம்.

சாயங்காலம் சந்தில் கை நீட்டிப் பொட்டலத்தை வாங்கி வந்தேன். வந்ததும் முதலில் பிளக்கைச் சுவர் ஓட்டையில் வைத்தேன். வைத்தேனா? 'டுக்' என்று ஒரு சத்தம். பிளக்கைக் காணவில்லை. கிணற்றில் கல் விழுந்தது போல உள்ளே போய்விட்டது. கடுகு டப்பாவைத் திறந்து பழைய ஸ்க்ரூவைப் புதியதன் பக்கத்தில் வைத்தேன். புதியது ஒரு விரல் நகம் அளவு குட்டை. உடம்பும் மெலிசு.

எனக்குக் கைகால் ஓடவில்லை. பௌதியைத் தப்பென்று நினைக்க மனம் வரவில்லை, அவ்வளவு உறுதியாகச் சொன்னவர். எட்டாம் கிளாஸ்காரன் நான்தான் எதையோ தப்பாக எடுத்திருப்பேன். ஒருவேளை இந்தச் சுவருக்குக் குட்டைதான் சரி என்று கணக்குப் போட்டாரோ? சனிக்கிழமைக்கு இரண்டே நாள். வெள்ளிக்கிழமை காலை வந்து சுவரில் துளை போட்டு மாட்டித் தருவதாகச் சொன்ன மிஸ்திரி அன்று மத்தியானமே பூஜைக்காக மேதினிப்பூர் பக்கம் சொந்த ஊருக்கு ரயில் ஏறுகிறார். வேறு மிஸ்திரி யாரும் பூஜை முடியும்வரை கிடைக்க மாட்டார்கள்.

வியாழன் காலை கடை திறக்கும்போதே சந்துக்குள் புகுந்து நின்றேன்.

பௌதி குட்டை ஸ்க்ரூவை வாங்கிப் பார்த்தார். "பழசைக் கொண்டு வந்தீங்களா?"

"இல்ல. வீட்டுல பத்திரமா இருக்கு."

"பத்திரமா!" என்று கல்லாவில் தட்டிச் சிரித்தார். "காக்கு, நகையைக் கழுத்துல போட்டுக்கிட்டுச் சுத்தறாங்க மனுஷங்க. நீங்க ஸ்க்ரூவைப் பூட்டி வெச்சிருக்கீங்க."

"தொலைஞ்சு போச்சுன்னா..."

"சரி சரி. படம் இருக்குல்ல. அதையே கேப்போம்."

அவர் போனைக் கல்லா மேல் தட்டையாக வைத்தார். இழுப்பறையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜாமெட்ரி டப்பாவை எடுத்தார். அதில் இரண்டு பக்கமும் முள் உள்ள கவராயம். படத்தை விரலால் பெரிதாக்கி, கவராயத்தின் கால்களைக் காசின் அகலத்துக்கு விரித்தார். அப்படியே தூக்கி ஸ்க்ரூவின் மேல், தலைக்குக் கீழிருந்து ஆரம்பித்து, ஒரு எட்டு வைத்தார். இன்னொரு எட்டு. முனை வந்துவிட்டது.

"பாருங்க. ரெண்டு காசு நீளம். ஒரு ரூபாய் இருபது எம்எம். ரெண்டு இருபது நாப்பது. நம்ம கணக்குல ஒன்றரை இஞ்சு. தடிமன் காசுல அஞ்சுல ஒண்ணு, நாலு எம்எம். அதான் எட்டு நம்பர். நான் எங்க தப்புப் பண்ணேன்?"

நேற்று ஐந்து விஷயம் வந்த வழி இதுதான். மந்திரம் போலிருந்ததன் உள்ளே ஒரு கவராயம் இரண்டு எட்டு நடந்திருக்கிறது. வழி தெரிந்த பிறகு மலைப்பு குறைய வேண்டும். எனக்குக் கூடியது.

அதற்குள் பந்தல்காரர் ஒருவர் தலையை நுழைத்து, "பௌதி, என் படம் பாத்தீங்களா?" என்றார். பௌதி நிமிராமலே, "உங்க படத்துல போல்ட் தலையில ஸ்பேனர் மாட்டியிருக்கு, ஸ்பேனர்ல பதிமூணுன்னு எழுதியிருக்கு. அப்ப போல்ட் எட்டு எம்எம். மூணாவது மூட்டை, எடுத்துக்குங்க" என்றார். அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பௌதி என் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இப்போது அவர் கவராயத்தின் ஒரு முள்ளை மட்டும் வைத்து ஸ்க்ரூவின் மரைகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். உதடு அசைந்தது. "முப்பத்தொண்ணு" என்றார். பிறகு எனக்கு விற்ற குட்டை ஸ்க்ரூவை எடுத்து அதையும் எண்ணினார். "இருபத்தேழு."

அவர் முகம் மாறியது. "காக்கு, இது எட்டு நம்பர் இல்லை. எட்டு நம்பர் ஒன்றரை இஞ்சுல முப்பத்தொரு சுத்து வராது. பத்து நம்பர் ரெண்டு இஞ்சுலதான் வரும். படத்தைப் பெருசாக்கினாலும் சின்னதாக்கினாலும் சுத்து மாறாதுல்ல? ஸ்க்ரூ உண்மையைத்தான் சொல்லுது. காசுதான் பொய் சொல்லுது. எங்க அந்தக் காசு?"

காசு என் சட்டைப் பையில், திரும்பவும் மஞ்சள் துணியில் முடிந்தபடி இருந்தது. எடுக்கத் தயங்கினேன். இது சாமி காசு என்று பாதி வங்காளியிலும் பாதிக் கைச்சாடையிலும் சொன்னேன். மனைவி, கால், ஊர், உண்டியல் என்று சாடை காட்டினேன். பௌதி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். அவர் தன் கல்லாவிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து, என் காசின் பக்கத்தில் வைத்தார்.

இரண்டும் ஒரு ரூபாய். என்னுடையது சுற்றிலும் ஒரு விளிம்பு அதிகமாகப் பெரிதாக இருந்தது.

"பழைய ஒரு ரூபாய்" என்றார் பௌதி. ஸ்டீல் அளவுகோலை மேலே வைத்தார். "இருபத்தஞ்சு எம்எம். இப்ப வர்றது இருபதுதான். இந்தப் பெருசு இப்பல்லாம் கைக்கே வர்றது இல்ல. நீங்க சாமிக்குன்னு எடுத்து வெச்சதால தங்கியிருக்கு." காசைத் தொட்ட விரலை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "ரெண்டு காசு, அம்பது. ரெண்டு இஞ்சு. அஞ்சுல ஒண்ணு, அஞ்சு எம்எம். பத்து நம்பர். பிளக் எட்டு எம்எம். தப்பு என்னோடதுதான். முதல்லயே சுத்தை எண்ணியிருக்கணும். கூட்டத்துல காசை நம்பிட்டேன்."

"என்னோடதுதான் பௌதி."

"ரெண்டு பேரும் பாதிப் பாதி வெச்சுக்கலாம்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்து நம்பர் ரெண்டு இஞ்சு ஆறு கொடுங்கள், எட்டு எம்எம் பிளக் ஆறு கொடுங்கள் என்றேன். பௌதி பெட்டியில் கை வைத்தவர் நிறுத்தினார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். இந்த முறை ஸ்க்ரூவை விட்டுவிட்டு, கிழிந்த பிளக்கைப் பெரிதாக்கினார். பெரிதாக்கிப் பெரிதாக்கி, திரை முழுக்க அந்தச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் மட்டும் தெரியும்வரை.

"இது என்ன நிறம் காக்கு?"

"வெள்ளை. தூசி."

"நுனியில?"

பார்த்தேன். பிளக்கின் வாய்ப்பக்கம் பாதிக்கு வெள்ளைத் தூசி ஒட்டியிருந்தது. நுனிப் பாதியில் மெல்லிய சிவப்பு.

"வெள்ளை உங்க சுவரோட பூச்சு. அதுலயும் நோனா பிடிச்ச பூச்சு, மாவு மாதிரி உதிரும். சிவப்பு செங்கல். இந்தப் பிளக் நாப்பது எம்எம்ல இருபது பூச்சுல நின்னிருக்கு, மிச்சம் இருபதுதான் செங்கல்லைப் பிடிச்சிருக்கு. அதான் உங்க எடைக்கு வந்துடுச்சு. அதே அளவை நான் குடுத்தா அதே மாதிரிதான் வரும்."

அந்தப் படத்தை நான் குறைந்தது இருபது தடவை பார்த்திருப்பேன். மருத்துவமனை வராந்தாவில், ஆட்டோவில், தூக்கம் வராமல் படுக்கையில். எனக்குத் தெரிந்தது ஒரு ஸ்க்ரூவும் ஒரு பிளக்கும்தான். இந்தப் பெண் என் வீட்டுப் பக்கமே வந்ததில்லை. நான் தினமும் குளிக்கும் அறையின் சுவருக்குள்ளே எது எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று லேக் மார்க்கெட்டில் நின்றபடி சொல்கிறார். மருத்துவமனையில் மனைவியின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி டாக்டர் விளக்கியபோது எப்படிப் பார்த்துக்கொண்டே நின்றேனோ, அப்படி நின்றேன்.

பௌதி தகட்டின் படத்தைத் திறந்தார். கவராயம் மறுபடி நடந்தது. "ஓட்டை ஆறு எம்எம். பத்து நம்பர் தாராளமா போகும். பன்னெண்டும் நுழையும், பதினாலு நுழையாது. பத்தே போதும், நீளம்தான் வேணும்." ஒரு பழைய ரசீதின் பின்னால் சுவரை இரண்டு கோடாக வரைந்து காட்டினார். "பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள்ள பிளக்கை முழுசாத் தள்ளணும். பூச்சு இருபது, பிளக் நாப்பது, தகடு மூணு. ஸ்க்ரூ பிளக்கைத் தாண்டிக் கொஞ்சம் வெளிய வரணும். மூணு இஞ்சு போடுங்க. பழைய ஓட்டை வேண்டாம், அது வாய் அகண்டு போச்சு. தகட்டை லேசாத் திருப்புங்க, மூணு ஓட்டையும் புது இடத்துல உக்காரும், பழசைத் தகடே மறைச்சுக்கும். இன்னொரு பக்கம் நிக்குதேன்னு விட்டுடாதீங்க, அதுவும் அதே சுவர்தான்."

நான் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். மூன்று தடவை. மூன்றாவது தடவை பௌதி, "காக்கு, பரீட்சை இல்லை" என்றார்.

வெள்ளிக்கிழமை மிஸ்திரி ஒரு கையில் டிரில்லும் மறு கையில் ஊருக்குப் போகும் பையுமாக வந்தார். ரசீதில் வரைந்த படத்தைக் காட்டினேன்.

"தாதா, பாத்ரூம் கம்பிக்கா இது? ஹௌரா பாலத்துக்கா?" என்றார்; தாதா என்றால் இங்கே அண்ணன். ஆனால் படத்தை வாங்கி ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். எட்டு எம்எம் டிரில் முனையில், எட்டு சென்டிமீட்டரில் கறுப்பு டேப் சுற்றி அடையாளம் வைத்தார். தகட்டைத் திருப்பிப் பென்சிலால் குறித்தார்.

நான் கீழே குந்தி உட்கார்ந்து, கீழே விழும் தூளுக்குக் காகிதம் ஏந்தினேன். சுத்தத்துக்கு என்று சொன்னேன். உண்மையில் தூளின் நிறம் பார்க்க வேண்டியிருந்தது. டிரில் உள்ளே போனது. வெள்ளைத் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளை, இன்னும் வெள்ளை. முழுச் சுவரும் பூச்சாகவே இருந்துவிட்டால்? அப்போது டிரில்லின் சத்தம் மாறிக் கெட்டியானது. காகிதத்தில் வெள்ளைக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

"நிறுத்துங்க!" என்றேன்.

"என்ன ஆச்சு?"

"எவ்வளவு ஆழம் போயிருக்கு? இப்பவே பாருங்க."

மிஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஊருக்குப் போகிற நாளில் பைத்தியத்திடம் சண்டை வேண்டாம் என்று நினைத்திருப்பார். ஒரு குச்சியை ஓட்டைக்குள் விட்டு, நகத்தால் பிடித்து, அளக்கும் டேப்பில் வைத்தார். இரண்டு சென்டிமீட்டர். ஒரு மயிரிழை அதிகம்.

நான் காகிதத்தைப் பிடித்தபடியே இருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம். அதில் கடுகளவு சிவப்புத் தூசி. அதைப் பார்த்து ஒரு மனுஷி இருபது என்றார், சுவர் இருபது என்கிறது. என் கண் கலங்கியதை மிஸ்திரி பார்த்துவிட்டார். "தூசி" என்றேன். "ஆமா, கண்ணுல போயிருக்கும்" என்றார் அவர், நல்ல மனிதர்.

ஆறு ஓட்டையும் போட்டு, தூளை ஊதி எடுத்து, பிளக்குகளை ஒரு ஆணியால் மெல்லத் தட்டிப் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் தள்ளினார். மூன்று அங்குல ஸ்க்ரூ ஒவ்வொன்றும் கடைசிச் சுற்றுகளில் முரண்டு பிடித்து, முனகிக்கொண்டு இறங்கியது. மாவு மில்லில் கல் மாட்டும்போது இந்த முனகலைக் கேட்டிருக்கிறேன். நன்றாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மிஸ்திரி கம்பியை ஒரு கையால் உலுக்கிப் பார்த்தார். "இப்ப வீட்டைத்தான் இழுக்கணும், கம்பி வராது" என்றார். நான் காலை மடக்கித் தொங்கினேன். அறுபது வரை எண்ணினேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் எண்ணி முடிக்கும்வரை வாசலில் நின்றார்.

பௌதிக்குப் படம் அனுப்பினேன். கம்பி, தகடு, பக்கத்தில் எதுவும் வைக்காமல். "இருக்கு" என்று பதில் குரல் வந்தது, தமிழில்.

சனிக்கிழமை அவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து, மாடிப்படியில் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். வீட்டுக்குள் வந்ததும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு அடி, நிறுத்தம், இன்னொரு அடி. மருத்துவமனையிலிருந்து வந்ததில் முகம் வெளுத்திருந்தது. கொஞ்சம் காப்பி குடித்தாள். பிறகு, "பாத்ரூம் போகணும்" என்றாள்.

நான் கூடவே உள்ளே போனேன்.

"நீங்க எங்க வர்றீங்க?"

"பிடிக்க."

"கம்பி எதுக்கு இருக்கு? வெளிய போங்க."

"கதவைத் தாழ் போடாத."

"போடல. போங்க."

கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே வாக்கர் தரையில் உரசி நின்றது. அவள் மெல்ல உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் விழுந்தது, நின்றது. இனி எழுந்திருக்க வேண்டும். கதவுப் பலகையில் காதை வைத்தேன். அவள் கை அந்தக் குளிர்ந்த கம்பியைப் பிடிப்பது எனக்குத் தெரிந்தது. பாதி எடை இறங்குவது தெரிந்தது. அவளிடமிருந்து ஒரு 'ஹ்ம்' வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு எழும் ஹ்ம். சுவரிலிருந்து எதுவும் வரவில்லை. ஒரு கிறீச், ஒரு பொடி உதிரும் சத்தம், எதுவுமே இல்லை. என் ஆயுளில் அவ்வளவு பெரிய ஒன்றுமில்லாததை நான் கேட்டதில்லை. நூறு வருஷத்துச் செங்கலுக்குள் ஆறு ஸ்க்ரூ அமைதியாக அவளைத் தூக்கிக்கொண்டிருந்தன.

வாக்கர் மறுபடி உரசியது. அவள் நின்றுவிட்டாள்.

"ஏங்க" என்றாள் உள்ளேயிருந்து. "கதவுல சாய்ஞ்சு நிக்காதீங்க. நான் தொறந்தா நீங்க விழுவீங்க."